பாட்டி சொல்ல, பிள்ளை செய்ய: ஏவல் வினைக்கு ஒரு சிறுவர் கதை எழுதும் முறை

தமிழ் படிக்கத் தொடங்கியிருக்கும் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஏவல் வினையைக் கதை வழியாகக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். பாட்டி சமைக்கச் சொல்லித் தருவதாக ஒரு கதை எழுதலாம் என்று பலர் ஆவலோடு தொடங்குகிறார்கள். எழுதி முடித்த பிறகு பார்த்தால், அது கதையாக இல்லாமல், தலைப்பில் மட்டும் பாட்டி இருக்கும் சமையல் குறிப்பாக இருக்கிறது. எந்தெந்த இடத்தில் அப்படி வழுக்குகிறது என்பதைப் பலருடைய கதைகளைத் திருத்தும்போது கவனித்து வந்திருக்கிறேன். கீழே உள்ள படிகளின் வரிசை அந்தக் கவனிப்பிலிருந்து வந்தது. எடுத்துக்காட்டாகப் பிடி கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு, வெற்றுத் தாளிலிருந்து முழுக் கதை வரை செல்வோம்.

## 1. பண்டத்தைத் தேர்ந்தெடுத்து, எழுதுவதற்கு முன் ஒரு முறை செய்து பாருங்கள்

கதைக்கு ஏற்ற பண்டம் வேறு, நமக்குப் பிடித்த பண்டம் வேறு. சாம்பாரை எடுத்துக்கொண்டால் பெரும்பாலான வேலை அடுப்பின் மேல் நடக்கிறது. பிள்ளைக்குப் பருப்பைக் கழுவுவதைத் தவிர அதிகம் வேலை இல்லை. இட்லியை எடுத்துக்கொண்டால் மாவு புளிக்க ஓர் இரவு தேவைப்படுகிறது. கதை நடுவில் தூங்கிப்போகிறது. கைவேலை மிகுதியாக இருக்க வேண்டும், ஒரே அமர்வில் முடிய வேண்டும், முடிவில் பிள்ளையின் கை பட்டது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் பிடி கொழுக்கட்டையில் இருக்கின்றன.

தேர்ந்தெடுத்ததும் அடுக்களைக்குப் போய் ஒரு முறை செய்து பாருங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களின் கதைகளில் வரிசை தவறுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு டம்ளர் அரிசி மாவை வாசம் வரும்வரை வறுத்துக்கொள்ள வேண்டும். முக்கால் டம்ளர் வெல்லத்தை ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, கல்லும் தூசும் போக வடிகட்டி, மறுபடியும் கொதிக்க வைத்து மாவில் ஊற்ற வேண்டும். துருவிய தேங்காயையும் ஏலக்காயையும் சேர்த்துக் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து விரல் தடம் பதியப் பிடித்து, ஆவியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேக வைக்க வேண்டும்.

அரிசி மாவுக்குக் கோதுமை மாவைப் போல இழுத்துப் பிடிக்கும் பசைத்தன்மை இல்லை. கொதிக்கும் பாகு பட்டு மாவிலுள்ள மாச்சத்து பாதி வெந்தால்தான் அது ஒன்று சேரும். வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் கையைத் திறந்ததும் கொழுக்கட்டை உதிர்ந்துவிடும். இந்தக் காரணம் தெரிந்தவர்தான் பாட்டியின் வாயில் பொருளுள்ள ஒரு தடைச்சொல்லை வைக்க முடியும். தெரியாதவர், "நன்றாகச் செய், கவனமாகச் செய்" என்று எழுதி இடத்தை நிரப்புவார்.

## 2. வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்: பாட்டி செய்பவை, பிள்ளை செய்பவை

செய்து பார்த்தபோது நடந்த எல்லா வேலைகளையும் ஒரு தாளில் வினைச்சொற்களாக மட்டும் எழுதுங்கள்: வறு, துருவு, கரை, வடிகட்டு, ஊற்று, இடி, கிளறு, பிசை, பிடி, அடுக்கு, மூடு, இறக்கு. பிறகு ஒவ்வொரு வினைக்கும் அருகில், எட்டு வயதுப் பிள்ளை இதைத் தனியாகச் செய்யலாமா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு, கொதிநீர், அரிவாள்மணை, துருவல் பலகை ஆகியவற்றைத் தொடும் வினை எதுவும் பிள்ளைக்கு இடும் கட்டளையாக வரக்கூடாது. கதையைக் கேட்ட பிள்ளை வீட்டில் அதைச் செய்து பார்க்கும் என்பது முதல் காரணம். ஏவல் வினையைக் கற்பிக்கும் கதை கேட்பவரைச் செய்யத் தூண்டுவதற்காகவே எழுதப்படுகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தால் பிள்ளை நிச்சயம் எழுந்து போகும். அந்த வினைகளைப் பாட்டி தாமே செய்வதாக இறந்த காலத்தில் எழுதுங்கள்: "பாட்டி மாவை வறுத்தார்." "பாட்டி பாகை வடிகட்டினார்."

இதனால் வேறொரு நன்மையும் கிடைக்கிறது. பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு மட்டும் போடுபவராக இல்லாமல், கூடவே வேலை செய்பவராகிறார். கட்டளைகளுக்கு நடுவே பிள்ளையின் காதுக்கு ஓய்வும் கிடைக்கிறது.

பிள்ளைக்கு எஞ்சும் வினைகளில் பத்து முதல் பதினைந்து போதும். அதற்கு மேல் போனால் முதலில் கேட்டவை மறந்துவிடுகின்றன.

## 3. எதிரில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள்

புதிதாக எழுதுபவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை இதுதான்: பாட்டி, "அரிசியை நன்றாகக் கழுவவும். பிறகு ஊற வைக்கவும்" என்று பேசுகிறார். சமையல் குறிப்புகளையும் அறிவிப்புப் பலகைகளையும் படித்துப் படித்து, 'செய்யவும்' என்ற வடிவம்தான் மரியாதையான எழுத்து என்று நம் கைக்குப் பழகிவிட்டது. அந்த வடிவம் யாரோ ஒருவரை நோக்கிப் பொதுவாகச் சொல்வது. கேட்பவரின் முகம் அதில் இல்லை. எந்தப் பாட்டியும் பேத்தியிடம், "கைகளைக் கழுவவும்" என்று சொல்வதில்லை.

ஏவல் வினை முன்னிலைக்கு உரியது. அதைச் சொல்லும்போது எதிரில் ஒருவர் நிற்க வேண்டும். ஆகவே முதல் கட்டளைக்கு முன்பே அந்தப் பிள்ளை பெயரோடு சமையலறைக்குள் வந்துவிட வேண்டும், முதல் கட்டளை அந்தப் பெயரை விளித்துத் தொடங்க வேண்டும்: "கயல், இங்கே வா." அதன்பின் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர் வேண்டியதில்லை.

'வேண்டும்' என்று முடியும் வாக்கியங்களையும் இதே போலக் களையுங்கள். "மாவைப் பிசைய வேண்டும்" என்பது செய்தி; "மாவைப் பிசை" என்பதுதான் ஏவல். காரணம் சொல்லும் இடத்தில் மட்டும் 'வேண்டும்' இருக்கலாம்.

## 4. ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு நிகழ்ச்சி கொண்டு வரட்டும்

ஒருமை, பன்மை, மரியாதை, எதிர்மறை என்று நான்கு பயன்பாடுகளைக் கதையில் காட்ட வேண்டியிருக்கிறது. இவற்றை ஒரே பத்தியில் கலந்து போட்டால் பிள்ளைக்கு எது எப்போது என்று புரியாது. கதையில் ஏதேனும் ஒன்று மாறும்போது வடிவமும் மாற வேண்டும்.

தொடக்கத்தில் பாட்டியும் ஒரு பேத்தியும் மட்டும் இருக்கட்டும். அப்போது 'கழுவு, எடு, போடு' என்ற ஒருமை மட்டும் வரும். பாதிக் கதைக்குப் பிறகு இன்னொரு பிள்ளை ஓடி வரட்டும். பாட்டி இருவரையும் பார்த்துப் பேசும்போது 'அடுக்குங்கள்' என்ற பன்மை தானாக வருகிறது. கடைசியில் பிள்ளை பாட்டியை அழைக்கட்டும்; "உட்காருங்கள்" என்ற அதே வடிவம் இப்போது ஒரே ஒருவருக்கு, மரியாதையாக வருகிறது. 'உங்கள்' என்று முடியும் வடிவம் மரியாதைக்கு மட்டுமே உரியது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு "பாட்டி ஏன் பிள்ளைகளுக்கு மரியாதை தருகிறார்?" என்ற கேள்விக்குத் தடுமாறும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வேலைகளையும் கதையே காட்டிவிட்டால் அந்தக் குழப்பம் எழாது.

எதிர்மறைக்குத்தான் கூடுதல் கவனம் தேவை. பிசை, கரை ஆகிய இரண்டு சொற்களையும் பாருங்கள். இரண்டும் ஐகாரத்தில் முடிகின்றன. பன்மையிலும் பிசையுங்கள், கரையுங்கள் என்று ஒரே போல நடக்கின்றன. எதிர்மறைக்கு வந்ததும் வழி பிரிகிறது: பிசையாதே, ஆனால் கரைக்காதே. 'எடாதே', 'திறவாதே', 'கரையாதே' என்று பிள்ளைகள் சொல்வது இந்த இடத்தில்தான். சோம்பலால் அப்படிச் சொல்வதில்லை; 'தொடாதே' என்பதைக் கேட்டு அதே வழியில் 'எடாதே' என்று கட்டிக்கொள்கிறார்கள். பழைய செய்யுள் நடையில் அவற்றுள் சிலவற்றுக்கு இடமுண்டு என்றாலும், இன்றைய உரைநடையில் இல்லை.

இதைத் தீர்க்க விதிப்பெயர் எதையும் சொல்லத் தேவையில்லை. நிகழ்காலத்தைச் சொல்லிப் பார்க்கச் செய்தால் போதும். கரைக்கிறாள் என்பதில் 'க்கி' கேட்கிறது, எனவே கரைக்காதே. பிசைகிறாள் என்பதில் அந்த அழுத்தம் இல்லை, எனவே பிசையாதே. எடுக்கிறாள், எடுக்காதே, தொடுகிறாள், தொடாதே, திறக்கிறாள், திறக்காதே, ஊற்றுகிறாள், ஊற்றாதே. கதையில் இரு வகையிலும் குறைந்தது ஒன்றாவது இருக்குமாறு தடைச்சொற்களைத் தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வொரு தடைக்கும் சமையலில் ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் அடுத்த வாக்கியத்திலேயே வர வேண்டும். "இப்போது பிசையாதே. மாவு சுடும்." காரணமில்லாமல் அடுக்கினால் பாட்டி கடுமையானவராகத் தெரிவார். எதிர்மறை ஏவல், நேர் ஏவலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

## 5. வாக்கியத்தைச் சிறியதாக, செயப்படுபொருளோடு எழுதுங்கள்

தமிழில் வினை கடைசியில் வருகிறது. "மாவை…" என்று பாட்டி தொடங்கும்போது பிள்ளை அந்தச் சொல்லைக் கையில் ஏந்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். வினை வந்த பிறகுதான் என்ன செய்வது என்று தெரியும். "மாவை எடுத்துச் சலித்து வறுத்து ஆற வைத்து மூடி வை" என்று எழுதினால், வயது வந்தவருக்கு அது ஐந்து கட்டளைகள். இலக்கணப்படி அதில் ஏவல் ஒன்றே ஒன்றுதான், மற்றவை வினையெச்சங்கள். ஏவலைக் கற்பிக்க எழுதிய வாக்கியத்தில் ஏவல் ஒளிந்துகொள்கிறது. ஆகவே முதல் கதையில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அல்லது மூன்று சொற்களே போதும்.

செயப்படுபொருளை ஐ உருபோடு எழுதி, தேவையான இடத்தில் ஒற்றைத் தவறாமல் போடுங்கள்: கைகளைக் கழுவு, மாவைப் பிசை, மூடியைத் திறக்காதே. இந்த வயதில் விதியாகச் சொல்ல வேண்டாம். கண்ணில் சரியான வடிவம் பட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

இன்னொரு பிழையும் இங்கே அடிக்கடி வரும். "அரிசியை வேகு", "பாகைக் கொதி" என்று எழுதிவிடுகிறார்கள். வேகுவது அரிசி, கொதிப்பது பாகு. ஒருவருக்கு இடும் கட்டளை வேக வை, கொதிக்க வை என்றுதான் இருக்க முடியும். கட்டளை எழுதியதும், இந்த வினையைச் செய்வது யார், பிள்ளையா பாத்திரத்தில் உள்ள பொருளா, என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் இது பிடிபட்டுவிடும்.

கட்டளையை அடுத்து, அதே வினையை இறந்த காலத்தில் ஒரு சிறு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லுங்கள்: "ஏலக்காயை இடி." கயல் இடித்தாள். கட்டளை நிறைவேறியது என்று கதை நகர்கிறது. கழுவு என்பது கழுவினாள் ஆவதும், இடி என்பது இடித்தாள் ஆவதும் பாடம் நடத்தாமலே காதில் பதிகின்றன. எல்லாக் கட்டளைக்கும் இப்படிச் செய்தால் சலிக்கும். தொடக்கத்தில் நான்கைந்துக்குச் செய்துவிட்டு விட்டுவிடுங்கள்.

## 6. ஒரு கட்டளை தவறாகப் புரியட்டும்

எல்லாக் கட்டளைகளும் சொன்னபடி நடந்தால் கதை இல்லை. இதை உணர்ந்து பலர், பிள்ளை மாவைக் கொட்டிவிட்டதாகவோ பூனை வந்து பால் குடித்ததாகவோ ஒரு நிகழ்ச்சியைச் செருகுகிறார்கள். அந்தத் தவறு ஏவல் வினையோடு சம்பந்தமில்லாமல் தனியே நிற்கிறது. கட்டளையின் சொல்லிலிருந்தே தவறு பிறக்க வேண்டும்.

பிடி என்ற சொல் இதற்காகவே அமைந்தது போல இருக்கிறது. பண்டத்தின் பெயரிலேயே அந்த வினை இருக்கிறது. பாட்டிக்குப் பிடி என்றால் மாவை உள்ளங்கையில் வைத்து அழுத்தி உருவாக்குவது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிடி என்றால் கையால் பற்றிக்கொள்வது. பாட்டி செயப்படுபொருளைச் சொல்லாமல், "பிடி, கயல்!" என்று மட்டும் சொன்னால், கயல் எதிரில் இருக்கும் பாத்திரத்தைத்தான் பிடிப்பாள். கதை முழுவதும் செயப்படுபொருளோடு எழுதிவிட்டு இந்த ஓரிடத்தில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள். அது ஏன் தேவை என்பது பிள்ளைக்குச் சிரிப்போடு விளங்கும்.

தவறைத் திருத்தும் இடமும் முக்கியமானது. பாட்டி கோபித்துக்கொள்ளாமல், ஒரு வினையைச் சிறு சிறு வினைகளாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்: கையைத் திற, மாவை வை, விரல்களை மடக்கு, அழுத்து. பெரியவர்களுக்கு ஒரே சொல்லாக இருப்பது பிள்ளைக்கு நான்கு செயல்கள் என்று அப்போது தெரிகிறது. கதையில் கட்டளைகள் நெருக்கமாக வர அனுமதிக்கும் ஒரே இடம் இதுதான்.

இந்தத் திருப்பத்தைக் காக்க, மற்ற இடங்களில் அதே சொல்லைத் தவிர்க்க வேண்டும். என் முதல் வரைவில் கயல் குழாயில் 'தண்ணீர் பிடித்தாள்' என்று எழுதியிருந்தேன். இயல்பான வழக்குதான், ஆனால் பிடி என்ற சொல்லுக்கு மூன்றாவது பொருள் முன்கூட்டியே நுழைந்து திருப்பத்தைக் கலைத்தது. 'கிண்ணத்தை நிரப்பினாள்' என்று மாற்றிய பிறகுதான் வகுப்பில் அந்த இடத்துக்குச் சிரிப்பு வந்தது.

## 7. பாட்டியின் பேச்சை முடிவு செய்யுங்கள்

வீட்டுப் பாட்டி, "ஊத்து", "பாரு", "நில்லு", "தொடாத" என்றுதான் பேசுவார். கதையில் ஊற்று, பார், நில், தொடாதே என்று எழுதுவதா, பேச்சு வடிவத்தையே எழுதுவதா என்பதைத் தொடங்கும் முன் முடிவு செய்துவிட வேண்டும். இரண்டையும் கலப்பதுதான் தவறு. எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு எழுத்து வழக்கே நல்லது என்பது என் முடிவு. காரணம், எடு, போடு, வை, கழுவு, பிசை, பிடி, மூடு போன்ற ஏவல்கள் இரு வழக்கிலும் ஏறக்குறைய ஒன்றே. அத்தகைய வினைகளைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தால் பாட்டியின் குரல் இயல்பாகவே இருக்கும். 'கண்ணு', 'ராசா' போன்ற அழைப்புகளை மட்டும் பேச்சிலிருந்து அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பாட்டியை எப்படி அழைப்பது என்பதை உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: ஆச்சி, அப்பத்தா, அம்மாச்சி, அம்மம்மா. அழைப்பை மாற்றினால் அடுக்களையும் சேர்ந்து மாற வேண்டும். யாழ்ப்பாணத்து அம்மம்மா டம்ளரால் அளக்க மாட்டார், சுண்டு என்னும் அளவையால் அளப்பார். துருவிய தேங்காயைத் தேங்காய்ப்பூ என்பார்.

## 8. முழுக் கதை

மேலே சொன்ன வரிசையில் எழுதிய கதை இது.

பிடி

பாட்டி அரிசி மாவை வறுத்தார். மாவு மணத்தது. கயல் சமையலறைக்கு வந்தாள்.

"கயல், இங்கே வா. கைகளைக் கழுவு."

கயல் கழுவினாள். ஈரக் கைகளைப் பாவாடையில் வைத்தாள்.

"பாவாடையில் துடைக்காதே. அது அழுக்கு. துண்டை எடு. கைகளைத் துடை."

கயல் துடைத்தாள்.

"டம்ளரை எடு. ஒரு டம்ளர் மாவைப் பாத்திரத்தில் போடு."

கயல் போட்டாள்.

"ஏலக்காயை இடி."

டொக், டொக், டொக். கயல் இடித்தாள்.

அடுத்தது வெல்லம். கயல் குழாயைத் திறந்து ஒரு கிண்ணத்தை நிரப்பினாள்.

"வெல்லத்தைப் பச்சைத் தண்ணீரில் கரைக்காதே, கண்ணு."

"ஏன், பாட்டி?"

"பாகு கொதிக்க வேண்டும். அப்போதுதான் மாவு ஒன்று சேரும்."

பாட்டி வெல்லத்தைத் தண்ணீரில் கொதிக்க வைத்தார். வடிகட்டினார். மறுபடியும் கொதித்ததும் மாவில் ஊற்றினார். தேங்காயும் ஏலக்காயும் போட்டுக் கிளறினார்.

கயல் கையை நீட்டினாள்.

"இப்போது பிசையாதே. மாவு சுடும். நூறு வரை எண்ணு. மெதுவாக எண்ணு."

கயல் எண்ணினாள். "தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு!"

பாட்டி மாவைத் தொட்டுப் பார்த்தார். "இப்போது பிசை."

கயல் பிசைந்தாள். மாவு வெதுவெதுப்பாக இருந்தது.

பாட்டி இட்லிப் பானையின் பக்கம் திரும்பினார்.

"பிடி, கயல்!" என்றார்.

கயல் பாத்திரத்தைப் பிடித்தாள்.

"நன்றாகப் பிடி!"

கயல் இரண்டு கைகளாலும் இறுக்கமாகப் பிடித்தாள்.

"எத்தனை பிடித்தாய்?"

"ஒன்று, பாட்டி. ஒரு பாத்திரம்தானே இருக்கிறது!"

பாட்டி திரும்பிப் பார்த்தார். சிரித்தார்.

"பாத்திரத்தைப் பிடிக்காதே, கண்ணு. மாவைப் பிடி. கையைத் திற. மாவை வை. விரல்களை மடக்கு. அழுத்து. இப்போது கையைத் திற."

கயலின் உள்ளங்கையில் ஒரு கொழுக்கட்டை இருந்தது.

அப்போது முகில் ஓடி வந்தான். "நானும், நானும்!" என்றான்.

"முகில், கைகளைக் கழுவு," என்றாள் கயல். "மாவைப் பிடி. பாத்திரத்தைப் பிடிக்காதே."

இருவரும் பிடித்தார்கள்.

"பிள்ளைகளே, கொழுக்கட்டைகளைத் தட்டில் அடுக்குங்கள். நெருக்கமாக வைக்காதீர்கள். நடுவில் ஆவி போக வேண்டும்."

இருவரும் அடுக்கினார்கள். பாட்டி தட்டைப் பானைக்குள் வைத்து மூடினார்.

"மூடியைத் திறக்காதீர்கள். ஆவி சுடும். கொஞ்சம் பொறுங்கள்."

இருவரும் பொறுத்தார்கள். பாட்டி அடுப்பை அணைத்தார். தட்டை வெளியே எடுத்து ஆற வைத்தார்.

கயல் பாயை விரித்தாள்.

"பாட்டி, இங்கே உட்காருங்கள். கையை நீட்டுங்கள்."

பாட்டி கையை நீட்டினார். கயல் ஒரு கொழுக்கட்டையை வைத்தாள்.

"சாப்பிடுங்கள், பாட்டி."

பாட்டி உடனே சாப்பிடவில்லை. கொழுக்கட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் நான்கு சிறிய விரல்களின் தடம் இருந்தது.

## 9. படம் இல்லாமல் வாசித்துச் சோதியுங்கள்

முதல் முறை வாசிக்கும்போது படம் காட்டாதீர்கள். படம் இருந்தால் பிள்ளைகள் அதைப் பார்த்து நடிப்பார்கள். சொல் புரிந்ததா என்பது நமக்குத் தெரியாமல் போகும். பிள்ளைகளை இடைவெளி விட்டு நிற்க வைத்து, கதையை வாசித்துக்கொண்டே போங்கள். பாட்டியின் ஒவ்வொரு கட்டளையையும் அவர்கள் சைகையால் செய்யட்டும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பிறகு கையை அசைக்கும் பிள்ளைகள் எந்தச் சொல்லில் கூடுகிறார்கள் என்று பாருங்கள். என் வகுப்பில் அது 'மடக்கு' என்ற சொல்லில் நடந்தது. சொல்லை நீக்காமல், வாசிக்கும்போது என் விரல்களை மடக்கிக் காட்டினேன்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது வினைக்கு முன் நிறுத்துங்கள். "மூடியை…" என்று சொல்லிக் காத்திருந்தால், "திறக்காதீர்கள்!" என்று பிள்ளைகள் முடிப்பார்கள். யாராவது "திறக்காதே" என்று முடித்தால், முகில் வந்துவிட்டான் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள், அவர்களே மாற்றிக்கொள்வார்கள். "திறவாதே" என்று முடித்தால் நான்காம் படிக்குத் திரும்பி, "பாட்டி என்ன செய்கிறார், திற… திறக்கிறார்" என்று நிகழ்காலத்தைச் சொல்ல வையுங்கள்.

மூன்றாம் முறை இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் பாட்டியாகவும் ஒருவர் கயலாகவும் இருக்கட்டும். பாட்டியாக இருப்பவர் கதையின் வாக்கியத்தை அப்படியே சொல்ல வேண்டியதில்லை. தன் வீட்டில் பார்த்த வேறொரு பண்டத்துக்கு மாற்றிச் சொல்லலாம். ஒரு மாணவி எலுமிச்சைச் சாற்றுக்கு மாற்றி, "பழத்தைப் பிழி, விதையைப் பிழியாதே, கசக்கும்" என்றாள். பிழிகிறாள் என்பதில் 'க்கி' கேட்கவில்லை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.